தேதியை நம்பி வெயிலை மறந்தோம்

கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைப் பற்றி நம் ஊரில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. கடைக்காரர் கட்சி சொல்வது இது: சீல் உடையவில்லை, தேதி இருக்கிறது, ஐஸில் போட்டு எடுத்தால் புதுசுதான். வாங்குகிறவர் கட்சி சொல்வது வேறு: தேதி ஒரு நாள் தாண்டினாலும் அது விஷம், குழந்தை கையில் கொடுக்கவே கூடாது. கோடை வந்தால் இந்த இரு தரப்பும் கடை வாசலில் சண்டை போடுவதைப் பார்க்கலாம். சண்டை எவ்வளவு உரத்துப் போனாலும் இருவரும் நம்புவது ஒரே விஷயத்தைத்தான். பாட்டிலுக்குள் இருப்பது நல்லதா கெட்டதா என்பதை மூடியில் அச்சடித்த தேதி சொல்லிவிடும் என்பது அந்த நம்பிக்கை. அது தவறு என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

அரக்கோணத்தில் நின்று பார்த்தால் அந்தத் தவறு கண்ணுக்கே தெரியும். சென்னை, ஜோலார்பேட்டை, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என்று நான்கு பக்கமும் தண்டவாளம் பிரியும் சந்திப்பு இது. வண்டி மாறக் காத்திருப்பவர்கள், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்டுக்குப் போகிறவர்கள், ஆம்பூர் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குக் கிளம்பியவர்கள் என்று நாள் முழுக்கத் தாகத்தோடு நடமாடும் ஊர். கத்திரி வெயிலில் இந்த வட்டாரத்தில் நிழலிலேயே 41, 42 டிகிரி காட்டும். அந்த நேரத்தில் கடை முகப்பைப் பாருங்கள். இரண்டு லிட்டர் பாட்டில்கள் நடைபாதையில் கோபுரமாக அடுக்கியிருக்கும். சின்ன பாட்டில்கள் கிரேட்டோடு வெயிலில் கிடக்கும். மேலே தகர ஷீட் போட்டிருந்தாலும் உச்சி வெயிலில் அந்த ஷீட்டே அடுப்பாகிவிடும். காசு கொடுத்தவுடன் கையில் வருவது ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில். அது ஐஸுக்கு வருவதற்கு முன் எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அந்தத் தேதி எங்கிருந்து வந்தது? பாட்டிலைக் கட்டியிருக்கும் லேபிளைத் திருப்பிப் படித்தால் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில், நேரடி வெயில் படாமல் வைக்கவும் என்று அது சொல்லும். தேதியும் அந்த வரியும் சேர்ந்துதான் ஒரு வாக்குறுதி. வரியை மீறிவிட்டுத் தேதியை மட்டும் காட்டுவது செல்லாது. காலையில் கறந்த பாலை மாலை வரை மொட்டை மாடியில் வைத்துவிட்டு, இன்றைய பால்தானே என்று யாராவது வாதாடினால் ஏற்றுக்கொள்வோமா? கூல்டிரிங்க்ஸ் விஷயத்தில் அதே வாதத்தைத் தினமும் ஏற்றுக்கொண்டு குடிக்கிறோம்.

பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்த கலருக்கு அந்தத் தேதியை முதலில் நிர்ணயிப்பது கேஸ்தான். ஒரு லிட்டர் கோலாவில் ஏறக்குறைய நான்கு லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். பெட் பிளாஸ்டிக் கண்ணாடி போலத் தெரிந்தாலும் கண்ணாடி அல்ல. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அந்தச் சுவர் வழியாகவே கேஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும். அடைத்தபோது இருந்ததில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு போய்விட்டால் நாக்குக்கு வித்தியாசம் தெரியத் தொடங்கும். அந்த இடத்தைத்தான் ஆயுளின் முடிவாக எடுப்பது தொழிலில் வழக்கம். சின்ன பாட்டிலில் உள்ளிருக்கும் பானத்தை ஒப்பிடும்போது சுவரின் பரப்பு அதிகம். அதனால்தான் இரண்டு லிட்டர் பாட்டிலைவிட 250 மில்லி பாட்டில் சீக்கிரம் சப்பென்று ஆகிறது.

வெயில் இதை இரண்டு வழியில் துரிதப்படுத்துகிறது. சூடேறினால் பானத்துக்குக் கேஸைப் பிடித்து வைக்கும் சக்தி குறைகிறது. அது வெளியே வந்து மேலே உள்ள கொஞ்ச இடத்தில் அழுத்தமாகச் சேர்கிறது. ஃபிரிட்ஜின் 4 டிகிரியில் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு இருக்கும். 20 டிகிரியில் நாலரை மடங்கு. 50 டிகிரியில் ஒன்பது மடங்கை நெருங்கும். அழுத்தம் கூடும் அதே நேரத்தில் பிளாஸ்டிக்கும் சூட்டில் தளர்ந்து கேஸுக்கு வழி விடுகிறது. இரண்டும் சேர்ந்து, ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் கசிவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று வைத்துக் கணக்குப் போடலாம்.

போட்டே பார்ப்போம். ஏப்ரல் 1 அன்று அடைத்த ஒரு 250 மில்லி பாட்டில். லேபிளில் நான்கு மாதம், அதாவது 120 நாள். ஜூலை கடைசி வரை தேதி இருக்கிறது. அந்த 120 நாள் 27 டிகிரி வெப்பத்துக்குப் போட்ட கணக்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் 20 நாள் அது டிஸ்ட்ரிபியூட்டரின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை குடோனில் 37 டிகிரியில் கிடக்கிறது. அங்கே ஒவ்வொரு நாளும் இரண்டு நாளுக்குச் சமம். 40 நாள் செலவாகிவிட்டது. பிறகு கடை வாசலுக்கு வருகிறது. பகலில் எட்டு மணி நேரம் வெயில் பட்டு பாட்டில் 47 டிகிரிக்குப் போகிறது. அப்போது நான்கு மடங்கு வேகம். மீதி பதினாறு மணி நேரம் 33 டிகிரி, ஒன்றரை மடங்கு. சராசரி எடுத்தால் கடை வாசலில் ஒரு நாள் என்பது இரண்டே கால் நாளுக்குக் கொஞ்சம் அதிகம். மிச்சமிருந்த 80 நாள் ஆயுள் 34 நாளில் தீர்ந்துவிடும். கத்திரி முடியும் முன், மே 25 வாக்கிலேயே அந்தப் பாட்டில் தன் காலத்தை முடித்துக்கொண்டது. லேபிள் மட்டும் இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது என்கிறது.

இது தோராயக் கணக்குதான். பாட்டிலின் தடிமன், மேகம், கடையின் திசை எல்லாம் அதை முன்பின் நகர்த்தும். ஆனால் கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. இதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம். அதே ஏப்ரல் 1 பாட்டில் நேராக ஃபிரிட்ஜுக்குப் போய் அங்கேயே இருந்திருந்தால் ஆகஸ்டிலும் அது பொங்கிக்கொண்டு திறக்கும். தேதி தாண்டிய அந்தப் பாட்டில் நல்லதாகவும், தேதி உள்ள இந்தப் பாட்டில் கெட்டதாகவும் இருக்கும்போது, தேதியை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் என்ன பயன்?

ஐஸில் போட்டால் சரியாகிவிடும் என்ற சமாதானத்தை இங்கேயே மறுத்துவிட வேண்டும். சுவர் வழியாக வெளியேறிய கேஸ் குளிரில் திரும்பி வராது. குளிர்ந்த பானம் மீதியிருக்கும் கேஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் திறக்கும்போது சத்தம் குறைவாக வந்தாலும், குளிர் பாட்டில் என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வோம். குளிர் நாக்கையும் கொஞ்சம் மரத்துப்போகச் செய்யும். பழைய வாடை எடுபடாது. ஆக ஐஸ் செய்வது மறைக்கும் வேலை. பாட்டிலைச் சோதிக்க வேண்டுமென்றால் சில்லென்று இருக்கும்போது அல்ல, குளிர் இறங்கிய பிறகு அமுக்கிப் பார்க்க வேண்டும். நல்ல பாட்டில் கல் மாதிரி விறைப்பாக இருக்கும். விரலுக்கு நெளிந்து கொடுத்தால் கேஸ் போய்விட்டது என்று பொருள்.

இனி வாங்குகிறவர் கட்சிக்கு வருகிறேன். அவர்களுடைய பயத்தில் நியாயம் உண்டு, ஆனால் அது தவறான இடத்தில் நிற்கிறது. கேஸ் போனதாலோ, தேதி தாண்டியதாலோ ஒரு கோலா விஷமாகிவிடாது. கோலாவிலும் எலுமிச்சை, ஆரஞ்சு கலர்களிலும் உள்ள பாஸ்பாரிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும் கேஸோடு போய்விடுவதில்லை. அந்தப் புளிப்பில் நோய் தரும் பாக்டீரியாக்கள் வளர முடியாது. நன்றாக மூடியிருந்து, வெறுமனே சப்பென்று ஆன கோலாவைக் குடித்தவருக்கு நேரும் நஷ்டம் ருசி மட்டுமே. சர்க்கரை இல்லாத டயட் வகையில் அஸ்பார்டேம் சூட்டில் சிதைந்து இனிப்பும் போகும். அதுவும் ருசிக் குறைதான்.

பென்சீன் என்ற பெயரைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. லேபிளில் 211 என்று போட்டிருக்கும் சோடியம் பென்சோயேட்டும், 300 என்று போட்டிருக்கும் வைட்டமின் சி-யும் ஒரே பானத்தில் இருந்தால், சூடும் வெளிச்சமும் சேர்ந்து அதில் மிகச் சிறிதளவு பென்சீனை உண்டாக்கும். அது புற்றுநோய் தரும் பொருள். 1990லேயே இது தெரிய வந்தது. 2005இலிருந்து 2007 வரை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சந்தையில் இருந்த பானங்களை எடுத்துச் சோதித்தது. பெரும்பாலானவற்றில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழேதான் இருந்தது. சிலவற்றில் கூடுதலாக இருக்கவே அவற்றின் தயாரிப்பு முறையை மாற்றினார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு 10 மைக்ரோகிராம். ஆக ஒரு பாட்டில் குடித்தால் ஆபத்து என்பது மிகை. அதே நேரம், இந்தப் பொருள் உண்டாவது தேதி தாண்டும் நாளில் அல்ல, வெயில் படும் மணி நேரங்களில். பயப்படுகிறவர் தேதியைப் பார்த்துப் பயப்படுகிறார். பார்க்க வேண்டியது நடைபாதையை.

பிளாஸ்டிக் கரைந்து இறங்கும் என்ற பேச்சும் இப்படித்தான். பெட் பிளாஸ்டிக் செய்யும்போது சேர்க்கும் ஆன்டிமனி என்ற உலோகம் சூட்டில் நீருக்குள் இறங்கும். 2008இல் அமெரிக்காவின் அரிசோனாவில் வெளிவந்த ஆய்வு ஒன்று, பாட்டில் தண்ணீரை வெவ்வேறு சூட்டில் வைத்து, குடிநீருக்கான அமெரிக்க வரம்பை எத்தனை நாளில் தாண்டுகிறது என்று அளந்தது. 60 டிகிரியில் 176 நாள் ஆனது. 65 டிகிரியில் 38 நாள். 80 டிகிரியில் இரண்டே நாள் சொச்சம். நம் கடை வாசலில் பாட்டில் 47, 50 டிகிரியில் நிற்கிறது, மாலையானால் ஆறிவிடுகிறது. அந்த வரம்பு அங்கே தாண்டாது. ஆனால் கண்ணாடி ஏற்றிய காருக்குள், டேஷ்போர்டின் மேல், கோடை முழுக்க உருண்டுகொண்டிருக்கும் பாட்டிலைப் பற்றி நான் அப்படி உறுதி சொல்ல மாட்டேன். கொல்கத்தாவில் உள்ள அகில இந்திய சுகாதாரம் மற்றும் பொது சுகாதார நிறுவனம் ஐந்து வகைக் குளிர்பானங்களைச் சோதித்த செய்தி 2016இல் வெளிவந்தபோது, ஆன்டிமனி, ஈயம் போன்றவை வெப்பம் கூடக் கூட அதிகம் இறங்குவதாகத்தான் அதுவும் சொன்னது. அப்போது ஊரெல்லாம் எந்தக் கம்பெனி என்று பேசியது. எந்த வெப்பம் என்று பேசியிருக்க வேண்டும்.

கேஸ் போன பானம் எதுவானாலும் பரவாயில்லை என்று இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கேதான் உண்மையான எச்சரிக்கை இருக்கிறது. கோலாவுக்கு நான் சொன்னது ஊர் சோடாவுக்குப் பொருந்தாது.

வெறும் சோடா என்பது தண்ணீரும் கேஸும்தான். கரைந்த கேஸ் கொடுக்கும் கார்பானிக் அமிலம் ஒன்றே அதற்குப் பாதுகாப்பு. கேஸ் போய்விட்டால் அந்தப் புளிப்பும் போய்விடும். மிஞ்சுவது எந்தத் தொட்டியிலிருந்து பிடித்ததோ அந்தத் தண்ணீர். பன்னீர் சோடாவில் சர்க்கரையும் எசன்ஸும் கூட இருக்கும். சிட்ரிக் அமிலமோ பதப்படுத்தியோ போதுமான அளவு சேர்க்காமல் செய்திருந்தால், கேஸ் போன பன்னீர் சோடா என்பது வெயிலில் வைத்த சர்க்கரைத் தண்ணீர். அதில் கிருமி வளர யாருடைய அனுமதியும் வேண்டாம். கோலா சப்பென்று இருந்தால் ருசி போயிற்று என்று கீழே வைக்கலாம். பன்னீர் சோடா சப்பென்று இருந்தால் கீழே ஊற்ற வேண்டும்.

கோலி சோடா பாட்டிலில் இந்தச் செய்தியைப் பாட்டிலே சொல்லிவிடும். 1872இல் இங்கிலாந்தில் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. உள்ளிருக்கும் கேஸ்தான் கோலியை மேலே தள்ளி, கழுத்தில் இருக்கும் ரப்பர் வாஷரில் அழுத்தி மூடி வைக்கிறது. கேஸ் குறைந்தால் கோலி இறங்கும். கோலி இறங்கினால் மூடியே இல்லை. கோலி தளர்ந்து கிடக்கும் பாட்டிலை, வேறு நல்ல பாட்டில் கொடுங்கண்ணே என்று கேட்டு மாற்றிக்கொள்ள எந்தத் தயக்கமும் வேண்டியதில்லை. பழைய சோடாக் கடைக்காரர்கள் கிரேட் மேல் ஈரச் சாக்கைப் போட்டு வைப்பார்கள். பாட்டில் சூட்டில் வெடிக்காமல் இருக்கவும், கேஸ் நிற்கவும் அவர்கள் கண்ட வழி. கம்பெனி பாட்டில் வந்த பிறகு அந்த ஈரச் சாக்கு கடை வாசலிலிருந்து போய்விட்டது. சீல் இருக்கிறதே என்ற நம்பிக்கை அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிளாஸ்டிக் பாட்டிலிலும் சப்பென்று ஆவதில் இரண்டு ரகம் உண்டு. சுவர் வழியாக மெல்லக் கசிந்தது ஒன்று. மூடியே சரியில்லாமல் போனது இன்னொன்று. சூட்டில் அழுத்தம் ஏறி மூடியை நெம்ப, இரவில் ஆறி அழுத்தம் இறங்க, இப்படி வாரக்கணக்கில் நடந்தால் சில மூடிகள் தளர்ந்துவிடலாம். கேஸ் வெளியே போய்த் தீர்ந்த பிறகு அதே வழியில் காற்றும் ஈஸ்டும் உள்ளே வரலாம். மூடிக்குக் கீழே பிசுபிசுப்பாக இருந்தாலோ, பானத்தின் மட்டம் மற்ற பாட்டில்களைவிட இறங்கியிருந்தாலோ, அது இரண்டாம் ரகம். வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். புளிப்பிலும் பென்சோயேட்டிலும் தாக்குப் பிடிக்கும் ஈஸ்ட்கள் இருக்கின்றன, குறிப்பாகப் பழச்சாறு கலந்த பானங்களில். அவை வளர்ந்தால் பானம் சப்பென்று ஆகாது, அதற்கு நேர்மாறாக வீங்கும். கலங்கல், அடியில் வண்டல், கள் வாடை, திறந்தவுடன் பீறிட்டு வழிதல் இவை அடையாளங்கள். கேஸ் நிறைய இருக்கிறதே என்று மகிழ்ந்து குடிப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

டின்னுக்கு வந்தால், அதன் சுவர் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன்தான். உள்ளே பூசிய மெல்லிய பூச்சு மட்டுமே அமிலத்தையும் அலுமினியத்தையும் பிரித்து வைக்கிறது. உலோகம் என்பதால் சுவர் வழியாகக் கேஸ் போகாது. அதனால் டின் நீண்ட நாள் தாங்கும். ஆனால் 50 டிகிரியை நெருங்கும்போது உள் அழுத்தம் டின் தாங்கும் எல்லைக்கு வந்துவிடும். உள்நோக்கிக் குழிந்திருக்க வேண்டிய அடிப்பாகம் வெளியே தள்ளி நிற்கும். அந்த டின் மேஜை மேல் நேராக நிற்காமல் ஆடும். குளிர வைத்த பிறகும் குழி திரும்பாவிட்டால் வாங்காதீர்கள். அதை முகத்துக்கு நேராகத் திறக்கவும் கூடாது. மடிப்பில் நசுங்கிய டின், விளிம்பில் பிசுக்கு காய்ந்திருக்கும் டின் இரண்டும் தேதி எதுவானாலும் ஒதுக்க வேண்டியவை.

டின்னில் வரும் பால் காபி, பாதாம் பால் போன்றவற்றை இந்தப் பேச்சிலேயே சேர்க்கக் கூடாது. அவற்றில் புளிப்பே கிடையாது. தொழிற்சாலையில் கொடுத்த கடும் சூடு ஒன்றுதான் அவற்றைக் காப்பாற்றுகிறது. அதில் குறை நேர்ந்தாலோ, மூடியில் கசிவு வந்தாலோ, உயிரைப் பறிக்கும் நச்சு வாடையே இல்லாமல் உள்ளே உருவாக முடியும். வீங்கிய பால் டின்னை ஒரு சொட்டு ருசி பார்க்கவும் கூடாது. இங்கே வாங்குகிறவர் கட்சியின் பயம் முழுக்க முழுக்கச் சரி.

கடைக்காரர் என்ன செய்வார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பத்துக்கு எட்டு அடிக் கடையில் ஒரு ஃபிரிட்ஜுக்கு மேல் இடமில்லை. கரண்ட் பில் பயத்தில் இரவில் அதையும் அணைக்கிறார்கள். பாட்டில்களை வெளியே அடுக்கினால்தான் ரோட்டில் போகிறவர் கண்ணில் படும். தேதி தாண்டியதை விற்றால் குற்றம் என்று அதிகாரி வருகிறார். அது சட்டம், விற்கக் கூடாதுதான். 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகளின்படி காலாவதித் தேதி அச்சிடுவது கட்டாயம். ஆனால் சோதனைக்கு வருகிறவர் கையில் எடுத்துப் பார்ப்பது அந்தத் தேதியைத்தான். அதே லேபிளில் உள்ள வெயில் படாமல் வைக்கவும் என்ற வரியைப் படித்துவிட்டு நடைபாதை அடுக்கை உள்ளே எடுக்கச் சொன்னதை நான் பார்த்ததில்லை. தேதி தாண்டிய நாலு பாட்டிலைக் கொட்டி அழிப்பதைப் படம் எடுக்கிறோம். மே மாதம் முழுக்க வெயிலில் வெந்த நானூறு பாட்டில் அதே கடையிலிருந்து சட்டப்படி விற்றுப் போகிறது.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. காட்சிக்கு வைக்கக் காலி பாட்டில்கள் போதும். சரக்கு உள்ளே, சுவரோரம், தரையோடு இருக்கலாம். தகர ஷீட்டுக்குக் கீழே தென்னங்கீற்று கட்டினால் சூடு இறங்குவது கையை வைத்தாலே தெரியும். கத்திரி மாதத்தில் சின்ன பாட்டிலை வாரத்துக்கு விற்கும் அளவுக்கு மட்டும் எடுத்து, முதலில் வந்ததை முதலில் விற்கலாம். குடோனில் எவ்வளவு சூடு என்பதை டிஸ்ட்ரிபியூட்டரிடம் கேட்கும் உரிமை கடைக்காரருக்கு இருக்கிறது. மே மாதத்தில் சப்பென்று போன பாட்டிலை, தேதி இருக்கிறது என்று சொல்லித் திருப்பி எடுக்க மறுக்கும் கம்பெனியிடம் அவர் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டலாம். வாங்குகிறவரும் ஐஸ் பெட்டியிலிருந்து வரும் பாட்டிலைத் தேதிக்காகத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்னால், இந்தச் சரக்கு வெளியே அடுக்கியிருந்ததா உள்ளே இருந்ததா அண்ணே என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.